நைட்டி போய்ப் புடவை வரும்போது

பிரசவ வார்டில் எடுத்த படத்தில் குழந்தை அழகாக விழுந்திருக்கும். அம்மா நைட்டியில் இருப்பார். "நைட்டியை மட்டும் பட்டுப்புடவையா மாத்திக் குடுங்கண்ணே" என்று ஸ்டுடியோவில் வந்து கேட்பார்கள். கேட்பவருக்கு இது புடவை வேலை. கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கோ முக்கால்வாசியும் கை வேலை.

அம்மாவின் கை குழந்தையைச் சுற்றி வளைந்திருக்கிறது. குழந்தையின் பிஞ்சுக் கை அவர் மார்பில் கிடக்கிறது. ஆகவே நைட்டி ஒரே துணியாக இல்லாமல், கைகளுக்கு இடையே நாலைந்து துண்டுகளாகத்தான் தெரியும். அந்தத் துண்டுகளுக்குள் மட்டும் புடவை நுழைய வேண்டும்.

போட்டோஷாப்பில் அசல் படம் கீழ் லேயராக இருக்கும். புடவை மேல் லேயர். அதில் மாஸ்க் போட்டு, கைகளும் குழந்தையின் சட்டையும் இருக்கும் இடங்களைக் கறுப்பாக்கினால் புடவை அங்கே மறைந்து அசல் தெரியும். வெள்ளையாக விட்ட இடத்தில்தான் புடவை. கையின் ஓரத்துக்குக் கூர்மையான கோடு போதும். குழந்தையின் தலைமுடிக்கு மென்மையான பிரஷ் வேண்டும். பலரும் தவறவிடுவது விரல் இடுக்குகளை. அங்கே சிறு முக்கோணமாக நைட்டியின் நிறம் எட்டிப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.

புது உடை பழையது மறைத்த தோலையாவது மறைத்தாக வேண்டும். முழங்கை வரை மூடிய நைட்டிக்குக் குட்டைக்கை ரவிக்கை மாட்டினால், படத்திலேயே இல்லாத தோலைப் புதிதாக வரைய நேரும். அதே நீளக் கை வைத்த ரவிக்கையைத் தேடுவது எவ்வளவோ மேல்.

அடுத்தது நிழல். நைட்டி போகும்போது அதன்மேல் விழுந்த குழந்தையின் நிழலும் போய்விடுகிறது. குழந்தை மிதப்பதுபோல் தெரியும். நைட்டி வெறும் நிறத் துணியாக இருந்தால் வழி உண்டு: அந்தப் பகுதியைப் பிரதியெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, வெளிச்சத்தைக் கூட்டி, புடவையின்மேல் Multiply முறையில் வைத்தால் நிழல் திரும்பிவிடும். பூப்போட்ட நைட்டி என்றால் பூவும் சேர்ந்து வரும். அப்போது நிழலைக் கையால்தான் தீட்ட வேண்டும்.

நைட்டி சிவப்பாக இருந்தால் அந்தச் சிவப்பு குழந்தையின் வெள்ளைச் சட்டையிலும் லேசாக ஏறியிருக்கும். பச்சைப் புடவைக்குப் பக்கத்தில் அது உறுத்தும். சட்டையைத் தொடக்கூடாது என்பது கட்டளையாதலால், அரக்கு நிறப் புடவையைச் சிபாரிசு செய்வதே புத்திசாலித்தனம்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் நொடியில் உடை மாற்றித் தருகின்றன. அவற்றில் சில, குறிக்காத பகுதியையும் சேர்த்து மறுபடி வரைவதால், சட்டைப் பொத்தானோ விரலோ சற்றே மாறிவிடக்கூடும். கண்டுபிடிக்க, அசலை மேல் லேயராக வைத்து Difference முறைக்கு மாற்ற வேண்டும். மாறாத இடம் சுத்தக் கறுப்பாகத் தெரியும். குழந்தை இருக்கும் இடத்தில் ஏதாவது மினுங்கினால், அசலிலிருந்து அந்தப் பகுதியை எடுத்து மேலே ஒட்டிவிடலாம்.