சான்றிதழுக்கு ஒரு வரி, சோதனைக்கு நான்கு வரி

பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூரைத் தாண்டினால் சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்துவிடும். டி.சி.எஸ்.ஸின் பெரிய வளாகம் இங்கேதான் இருக்கிறது. அதானிகனெக்ஸின் தரவு மையமும் 2022-இல் இங்கேதான் தொடங்கியது. தாம்பரம், வண்டலூர், கேளம்பாக்கம் என்று சுற்றியிருக்கும் பொறியியல் கல்லூரிகளில் படித்து சைபர் பாதுகாப்புப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு முதலில் வாய்க்கக்கூடிய வேலை பெரும்பாலும் ஒன்றுதான்: எஸ்.ஓ.சி. எனப்படும் கண்காணிப்பு மையத்தில் முதல் நிலை அனலிஸ்ட். ஷிஃப்டில் உட்கார்ந்து அலர்ட்டுகளைப் பார்ப்பது, பொய் அலாரம் எது, உண்மையான ஊடுருவல் எது என்று பிரிப்பது, சந்தேகப்பட்டதை டிக்கெட்டாக எழுதி அடுத்த நிலைக்குத் தள்ளுவது. இந்த வேலைக்கு அனுப்பப்படும் கவரிங் மெயில்கள் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றன. சான்றிதழ் பெயர், பயிற்சித் தளத்தில் எடுத்த ரேங்க், தெரிந்த பதினைந்து டூல்களின் பட்டியல், வீட்டில் லேப் அமைத்திருக்கிறேன் என்று ஒரு வரி, கடைசியில் ஆர்வம் மிகுதி என்ற உறுதிமொழி. இந்த வரிசையில் கடைசிக்கு முன்னால் ஒளிந்திருக்கும் வீட்டு லேப் வரிதான் மெயிலின் உடலாக இருந்திருக்க வேண்டும்.

காரணம் வேலையிலேயே இருக்கிறது. இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட ஆணைப்படி, குறிப்பிட்ட வகை சைபர் சம்பவங்களை நிறுவனம் அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும்; கணினிப் பதிவுகளை, அதாவது லாக்குகளை, 180 நாள் வைத்திருக்க வேண்டும். அந்த ஆறு மணி நேரத்தில் பெரும்பகுதி, நள்ளிரவு ஷிஃப்டில் இருக்கும் புதியவர் எழுதிய டிக்கெட்டை மற்றவர்கள் புரிந்துகொள்வதிலேயே போய்விடலாம். என்ன பார்த்தேன், எந்த நேரத்தில் பார்த்தேன், அதற்கு என்ன பொருள் கொண்டேன், எது இன்னும் உறுதியாகவில்லை என்ற நான்கையும் குழப்பமில்லாமல் எழுதத் தெரிந்தவர்தான் அங்கே தேவை. ஆகவே ஒரு எஸ்.ஓ.சி. மேலாளருக்குக் கவரிங் மெயில்தான் அந்த விண்ணப்பதாரரின் முதல் டிக்கெட். அதில் தெளிவு இல்லாவிட்டால் லாக் முன்னால் உட்கார்ந்த பிறகு வந்துவிடும் என்று அவர் நம்பக் காரணமில்லை.

சான்றிதழை முதலில் பார்த்துவிடலாம். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காம்ப்டியாவின் செக்யூரிட்டி பிளஸ் தேர்வில் அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிடம், தேற 750 மதிப்பெண், மூன்றாண்டுகள் செல்லும். இசி-கவுன்சிலின் சி.இ.எச். தேர்வு 125 கேள்விகள் கொண்ட பல்தெரிவு வினாத்தாள். செய்முறைத் தேர்வு தனி. இவை கலைச்சொற்களும் அடிப்படையும் தெரியும் என்பதற்குச் சாட்சி, அதற்கு மேல் எதற்கும் இல்லை. ஆனால் மெயிலில் இதை எழுதும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு படிப்பை முடித்ததற்கான தாளையும், மேற்பார்வையில் நடந்த தேர்வில் தேறியதையும் ஒரே சொல்லால் குறிப்பிடுகிறார்கள். ஐ.எஸ்.சி.2-வின் தொடக்கநிலைச் சான்றிதழான சி.சி.க்குத் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. விண்ணப்பித்து, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தையும் கட்டிய பிறகே பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். கட்டாதவர் ‘தேர்வில் தேறினேன்’ என்று எழுதுவதே சரி. இது நூலிழை வித்தியாசம் போலத் தோன்றலாம். ஆனால் நூலிழை வித்தியாசங்களைப் பார்க்கத்தான் சம்பளம் தருகிறார்கள். தேர்வின் பெயர், தேறிய மாதம், சரிபார்க்கும் இணைப்பு என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்.

பயிற்சித் தளங்களின் கதை இதைவிடச் சிக்கலானது. ட்ரைஹேக்மீ, ஹேக் தி பாக்ஸ் போன்றவற்றில் உட்கார்ந்து கற்பவர் உண்மையிலேயே கற்கிறார். ஆனால் ரேங்க் என்ற எண்ணில், தானே துழாவிக் கண்டுபிடித்த விடையும் இணையத்தில் கிடைத்த தீர்வைப் பார்த்து நிரப்பிய விடையும் ஒன்றாகக் கலந்துகிடக்கின்றன. மெயிலைப் படிப்பவரால் பிரித்தறிய முடியாது. இன்னொரு கண்ணியும் உண்டு. ஹேக் தி பாக்ஸில் இன்னும் நடப்பில் உள்ள இயந்திரங்களின் தீர்வை வெளியிடத் தளத்தின் விதி அனுமதிப்பதில்லை. ஓய்வுபெற்றவற்றைப் பற்றி மட்டுமே எழுதலாம். தன் திறமையைக் காட்ட நடப்பு இயந்திரத்தின் தீர்வுக்கு இணைப்புக் கொடுப்பவர், ஒப்புக்கொண்ட விதியை மீறினேன் என்று தானே எழுதிக் கையெழுத்தும் போடுகிறார். வாடிக்கையாளரின் ரகசிய லாக்குகளை இவரை நம்பி எப்படி ஒப்படைப்பது?

இனி வீட்டுச் சோதனை. பெரிய கருவிகள் வேண்டியதில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் ஓடக்கூடிய ஒரு லேப்டாப், அதில் இரண்டு மெய்நிகர் இயந்திரங்கள்: காலி லினக்ஸ் ஒன்று, உபுண்டு 22.04 சர்வர் ஒன்று. இரண்டும் வெளி இணையத்தைத் தொடாத உள் வலையில். சர்வரில் எஸ்.எஸ்.ஹெச். சேவையும், தவறான கடவுச்சொல் முயற்சிகளை எண்ணி ஐ.பி. முகவரியைத் தடுக்கும் `fail2ban`-உம். பாதிப் பேர் செய்வது இதுதான். காலியிலிருந்து வேகமாகத் தாக்கி, தடுப்பு விழுந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வெற்றி என்று எழுதிவிடுவார்கள். எந்த யூடியூப் வீடியோவும் இதைச் சொல்லித்தரும். கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. `fail2ban`-இன் இயல்பான அமைப்பு, பத்து நிமிடத்துக்குள் ஐந்து தோல்வி வந்தால் தடு என்பது. அப்படியானால் மூன்று நிமிடத்துக்கு ஒரு முயற்சி என்று நிதானமாகத் தட்டினால்? எந்தப் பத்து நிமிடத்தை எடுத்தாலும் நான்கு முயற்சிக்கு மேல் வராது. தடுப்பு விழவே விழாது. ஒரு நாளில் 480 கடவுச்சொற்களை அமைதியாகச் சோதித்துவிடலாம். இதைப் பார்த்தவர் `jail.local` கோப்பில் கணக்கிடும் நேரத்தை நீட்டுவார்:

```
[sshd]
enabled = true
maxretry = 5
findtime = 1h
bantime = 1h
```

இப்போது அதே நிதானத் தாக்குதல் ஐந்தாவது முயற்சியில், அதாவது முதல் முயற்சியிலிருந்து பன்னிரண்டாவது நிமிடத்தில், பிடிபடும். ஆனால் இந்தத் திருத்தத்துக்கு ஒரு விலை இருக்கிறது. பழைய கடவுச்சொல்லோடு அவ்வப்போது தானாக ஓடும் ஒரு பேக்கப் ஸ்கிரிப்டும், காலையில் மறதியாய் இருக்கும் ஊழியரும் இதே வலையில் விழுவார்கள். தாக்குபவர் இருபது நிமிடத்துக்கு ஒரு முயற்சியாகக் குறைத்தாலோ, பல ஐ.பி.களிலிருந்து பிரித்து அனுப்பினாலோ மீண்டும் தப்பிவிடுவார். எந்த எல்லையை வைத்தாலும் ஒரு பக்கம் கசியும் என்பதைக் கையால் தொட்டுப் பார்த்தவர், அலர்ட் விதி எழுதுவதன் அடிப்படைச் சிக்கலைப் பார்த்துவிட்டார்.

சோதனையை உண்மையாகச் செய்தவருக்கு மட்டும் தட்டுப்படும் சில முட்களும் உண்டு. தோல்விகளை எண்ண எல்லோரும் இதைத்தான் அடிப்பார்கள்:

```
sudo grep -c "Failed password" /var/log/auth.log
```

ஒரே இணைப்பில் மூன்று முறை தவறாக அடித்துவிட்டு எண்ணினால் பல நேரம் இரண்டுதான் வரும். உபுண்டுவில் லாக் எழுதும் நிரல், அடுத்தடுத்து வரும் ஒரே செய்தியை `message repeated 2 times` என்று ஒற்றை வரியாகச் சுருக்கிவிடுகிறது. வரிகளை எண்ணினால் முயற்சிகள் குறைந்து தெரியும். அதேபோல உபுண்டு சர்வரின் கடிகாரம் பொதுவாக உலக நேரத்தில் ஓடும். லாக்கில் அதிகாலை 2.10 என்று இருப்பது நமக்குக் காலை 7.40. இந்த ஐந்தரை மணி நேரத்தைக் குறிப்பிடாத டிக்கெட், ஆறு மணி நேரக் கெடுவில் ஓடுபவருக்கு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவையும் மெயிலில் கொட்ட வேண்டுமா? வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதப்போகும் அந்தப் பத்தியின் சாரம் இவ்வளவு போதும்: “வீட்டு லேப்பில் எஸ்.எஸ்.ஹெச். கடவுச்சொல் தாக்குதலை இரண்டு வேகத்தில் சோதித்தேன். இயல்பான அமைப்பு வேகமானதைத் தடுத்தது, மூன்று நிமிடத்துக்கு ஒன்று வந்ததைத் தவறவிட்டது. கணக்கிடும் நேரத்தை ஒரு மணியாக்கியதும் பிடித்தது, ஆனால் மறதிக்கார ஊழியரையும் தடுத்துவிடும். பல முகவரிகளிலிருந்து வரும் தாக்குதலை இந்த முறையால் பிடிக்க முடியாது, குறிப்புகள் இணைப்பில்.” நான்கு வரி. இதில் தன்னைப் புகழும் பெயரடை ஒன்று கூட இல்லை என்பதைப் பாருங்கள்.

இதற்கு எழும் மறுப்பு நியாயமானது. மெயிலை முதலில் பார்ப்பது மேலாளர் அல்ல, மனிதவளப் பிரிவோ சொற்களைத் தேடும் மென்பொருளோதான். அங்கே சான்றிதழ் பெயர் இல்லாவிட்டால் கதவே திறக்காது என்பார்கள். உண்மைதான். அதனால்தான் சான்றிதழ் வரியை நீக்கச் சொல்லவில்லை. பெயரைச் சுருக்காமல் முழுதாக எழுதச் சொல்கிறேன். பெரிய நிறுவனங்களின் வளாக நேர்காணலுக்கும் பொதுத் தகுதித் தேர்வுக்கும் கவரிங் மெயிலே தேவைப்படுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மெயிலுக்கு மதிப்புள்ள இடங்கள் நடுத்தரப் பாதுகாப்புச் சேவை நிறுவனங்களும், தெரிந்தவர் வழியாக நேரே குழுத் தலைவருக்குப் போகும் விண்ணப்பங்களும்தான். வீட்டுச் சோதனையையும் காப்பியடிக்கலாமே என்பது அடுத்த கேள்வி. அடிக்கலாம்தான். ஆனால் “கணக்கிடும் நேரத்தை ஒரு நாளாக்கினால் என்ன ஆகும்?” என்று நேர்காணலில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், செய்தவர் யார் என்று தெரிந்துவிடும். ரேங்கை அப்படிக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை.

ஆர்வக் கோளாறில் நடக்கும் பெரிய விபத்து ஒன்று இருக்கிறது. “உங்கள் இணையதளத்தைச் சோதித்தேன், ஓட்டை கண்டுபிடித்தேன்” என்று தொடங்கும் மெயில் அது. அனுமதியின்றி ஒரு கணினியில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் வருகிறது. நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ அதைச் செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நோக்கம் நல்லது என்று பிறகு விளக்கிக்கொண்டிருக்க நேரிடும். தற்செயலாகக் கண்ணில் பட்ட பிழையைச் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வழி இருக்கிறது. வேலை கேட்கும் மெயில் அதற்கான இடமில்லை.

கடைசியாக, இணைப்புக் கோப்பு. வேலை தேடுபவர் போல் நடித்து நிறுவனங்களுக்குள் நுழையும் கும்பல்கள் உண்மையிலேயே உள்ளன. டி.ஏ.4557 என்று பெயரிடப்பட்ட ஒரு குழு, ஆளெடுப்பவர்களுக்குச் சாதாரண விண்ணப்ப மெயில் அனுப்பி, பதில் வந்ததும் ‘என் சொந்தத் தளத்தில் ரெஸ்யூமே இருக்கிறது’ என்று அழைத்துச் சென்று, ஜிப் கோப்புக்குள் தீம்பொருளைத் தந்ததாகப் புரூஃப்பாயிண்ட் நிறுவனம் 2023 டிசம்பரில் விவரித்தது. பாதுகாப்புத் துறையில் மெயிலைத் திறப்பவருக்கு இது தெரியும். ஆகவே ரெஸ்யூமேவைச் சாதாரண பி.டி.எஃப். ஆக மட்டும் இணையுங்கள். ஜிப் வேண்டாம், மேக்ரோ உள்ள வேர்டு கோப்பு வேண்டாம், சுருக்கிய இணைப்பு வேண்டாம். குறிப்புகளின் முகவரியை முழுதாக எழுதுங்கள். எங்கே போகிறோம் என்று பார்த்துவிட்டு அவர் சொடுக்கட்டும்.