ஓட்டில் ஓடும் எலிக்குத் தென்னையில் வீடு

நாகர்கோவிலிலிருந்து திங்கள்சந்தை போகிற வழியில் என் உறவினர் ஒருவரின் ஓட்டு வீடு இருக்கிறது. பின்புறம் ஐந்தாறு தென்னைகள். அவற்றில் ஒன்று கூரைப் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். காற்றடித்தால் அதன் ஓலை ஓட்டைத் தடவும். இரவானால் மச்சுக்கு மேலே ஓட்டம், காலையில் அடுக்களையில் புழுக்கை. வீட்டுக்குள் பொறி வைத்தார்கள், பூனை வளர்த்தார்கள். ஒன்றிரண்டு எலி விழும். வாரம் கழிந்தால் பழைய கதைதான். தேங்காய் போட வந்தவர் மேலேயிருந்து குரல் கொடுத்தபோதுதான் காரணம் தெரிந்தது: “அக்கா, மண்டையில கூடு கெட்டி வச்சிருக்கு. குட்டியும் கெடக்கு.”

வீட்டுக்கூரையிலும் தென்னையிலும் ஏறுகிற எலி ஒரே இனம்தான். உடலைவிட வால் நீளமாக இருக்கும். வயலில் வளை தோண்டும் எலியோ, சாக்கடையோரத்துப் பெருச்சாளியோ அல்ல. உயரத்தில் வாழப் பிறந்தது. தென்னங்கொண்டையில் மட்டை இடுக்கில் பன்னாடை, காய்ந்த பாளை, ஓலைநார் எல்லாவற்றையும் கடித்து மெத்தை மாதிரிக் கூடு செய்துகொள்ளும். சாப்பாடும் தண்ணீரும் பக்கத்திலேயே இளங்காயில் இருப்பதால் கீழே இறங்க வேண்டிய தேவையே இல்லை. மூன்று வாரச் சினைக்காலத்தில் அடுத்த ஈற்று வந்துவிடும். வீட்டுக்குள் எத்தனை பிடித்தாலும் தீராததற்கு இதுதான் காரணம்: நாம் பிடிப்பது இரை தேடி வந்தவற்றை, பெருகும் இடம் மரத்தின் மேல் இருக்கிறது.

மரத்தில் எலி இருக்கிறதா என்று ஏறிப் பார்க்காமலே சொல்லலாம். மரத்தடியில் உதிர்ந்த குரும்பையையும் இளங்காயையும் எடுத்துப் பாருங்கள். காம்பை ஒட்டிய பகுதியில் ஒழுங்கற்ற ஓட்டையும் ஓரத்தில் பல் வரிகளும் இருந்தால் எலிதான் முதல் சந்தேகம். மூன்று முதல் ஆறு மாதக் காயைத்தான் அது அதிகம் குடையும். முற்றிய நெற்றில் மட்டை கடினம். ஓட்டையே இல்லாமல், தோல் பழுப்பேறி வெடித்து உதிர்ந்தால் அது ஈரியோபைட் சிலந்திப் பேன் வேலையாக இருக்கும். அதற்கு எலி வைத்தியம் பலிக்காது.

இனி என்ன செய்வது? பலரும் முதலில் தகரம் அடிக்கிறார்கள். வரிசை அங்கேயே தவறுகிறது. மேலே கூடு இருக்கும்போது தண்டில் தகரம் சுற்றினால் எலி மேலேயே குடித்தனம் நடத்தும். ஓலை வழியாகக் கூரைக்கு வந்துபோகும் பாதையும் திறந்தே கிடக்கும்.

முதல் வேலை பாதையை அறுப்பது. இந்த எலி பக்கவாட்டில் ஒரு மீட்டருக்கு மேல் தாவும். அதனால் கூரையைத் தொடும் ஓலையை மட்டும் வெட்டினால் போதாது. காற்றில் ஆடும்போதும் ஓலை நுனிக்கும் ஓட்டுக்கும் இரண்டு மீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். பச்சை மட்டைகளை நிறைய வெட்டினால் காய்ப்பு குறையும். கூரை மேலேயே கவிந்த மரமாக இருந்தால், அதை வைத்துக்கொள்வதா என்று யோசிக்கத்தான் வேண்டும். மின்கம்பி, துணி காயப்போடும் கயிறு, தண்டில் படர்ந்த நல்ல மிளகுக் கொடி, இவையும் எலிக்குப் பாலம்தான்.

அடுத்தது கொண்டையைச் சுத்தம் செய்வது. தேங்காய் போட ஆள் ஏறும் அன்றே காய்ந்த மட்டை, பாளை, பன்னாடை எல்லாவற்றையும் இறக்கச் சொல்லுங்கள். கூடு கட்டப் பொருளும் மறைவும் போய்விடும். அப்போதே மருந்தும் வைக்கலாம். தென்னைக்கு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது 0.005 சதவீத புரோமடையலோன் மெழுகுக் கட்டி: மரத்துக்கு 10 கிராம், 12 நாள் இடைவெளியில் இரண்டு முறை, கொண்டையில். இரண்டாவது முறையை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். இது இரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்லும் மருந்து. தின்ற எலி சாகச் சில நாட்கள் ஆகும். கீழே விழுந்த கட்டியையும் செத்த எலியையும் நாயோ கோழியோ தொடுமுன் பொறுக்கிப் புதைக்க வேண்டும். அந்த எலியைத் தின்னும் கூகைக்கும் விஷம் ஏறும். கூகை இரவெல்லாம் எலி பிடிக்கிற பறவை, அதை இழப்பது நமக்குத்தான் நஷ்டம். தோட்டத்தில் கூகை நடமாட்டம் இருந்தால் நான் மருந்தைத் தவிர்த்துப் பொறியையே தேர்ந்தெடுப்பேன். கடையில் யாராவது மஞ்சள் பாஸ்பரஸ் பசையை நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். குழந்தை வாயில் பட்டால் கல்லீரல் கெடும், முறிமருந்து கிடையாது.

இவ்வளவுக்குப் பிறகுதான் தகரம். சுமார் 40 சென்டிமீட்டர் அகலத் தகட்டைத் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் தண்டைச் சுற்றிப் பொருத்த வேண்டும். நகம் பிடிக்காமல் எலி வழுக்கிவிடும். கறுப்பு பாலித்தீனும் சுற்றுகிறார்கள். மலிவு, ஆனால் வெயிலில் கிழிந்ததும் அதுவே பிடிமானம் ஆகிவிடும். தண்டு உருண்டையாக இராது, அதனால் தகட்டுக்கு அடியில் விரல் நுழையும் சந்து இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். பக்கத்தில் மதிலோ விறகுக்கட்டோ இருந்தால் அதன் மேலிருந்து தகரத்தைத் தாண்டிவிடும். இன்னொன்று, ஏறுகிறவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தகட்டில் கால் வழுக்கும், விளிம்பு கிழிக்கும். ஏணி வைத்து அந்த இடத்தைக் கடப்பதுதான் பத்திரம்.

மரங்களில் வேலை முடிந்ததும் கூரை. நண்பகலில் விளக்கை அணைத்துவிட்டு மச்சில் ஏறிப் பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் வழி. அரை அங்குலச் சந்து இருந்தால் போதும், எலி நுழைந்துவிடும். பெரும்பாலும் சுவர்மேல் கைமரம் உட்காரும் இறவாரப் பகுதியும், முகட்டோட்டின் சாந்து பெயர்ந்த இடமும்தான். வழக்கமாக ஓடும் பாதையில் மரத்தில் கறுப்பாக எண்ணெய்க்கறை படிந்திருக்கும். சந்தேகம் தீர சுவர்மேல் அரிசிமாவைத் தூவி வையுங்கள். காலையில் அடிச்சுவடும் வால் கோடும் சொல்லிவிடும்.

கூரைக்குள் விஷம் வைக்கக் கூடாது. தண்ணீர் தேடி வெளியே போய்ச் சாகும் என்பது நம்பிக்கை மட்டுமே. ஓட்டுக்கும் ரீப்பருக்கும் நடுவில் செத்து நாறும். பொறிதான் நல்லது. இந்த எலி புதுப் பொருளைக் கண்டால் சில நாள் கிட்ட வராது. அதனால் சுட்ட தேங்காயோ கருவாடோ கட்டி, விசையேற்றாமல் பொறியை அது ஓடும் பாதையிலேயே வைத்துப் பழக்குங்கள். கடிக்கத் தொடங்கியபின் விசையேற்றுங்கள்.

திங்கள்சந்தை வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். மாவில் சுவடு விழுவது நின்றபின்தான் சந்துகளை அடைத்தார்கள். முன்பே அடைத்திருந்தால் தாயும் குட்டியும் உள்ளே மாட்டியிருக்கும். முகட்டில் சாந்து பூசினார்கள். இறவாரத்தில் சாந்து வைக்காமல் ஆறு மில்லிமீட்டர் கண்ணுள்ள இரும்பு வலையை ஆணியடித்தார்கள்; காற்றோட்டம் நின்றால் கைமரம் புழுங்கி உளுத்துவிடும். பிளாஸ்டிக் கொசுவலை எலிப் பல்லுக்கு ஒரு இரவு தாங்காது.

அவர்கள் வீட்டில் மிச்சமிருந்தது ஒரு பாதை மட்டும்: பக்கத்து வீட்டுத் தென்னை ஒன்றின் ஓலை இவர்கள் மரத்தின் கொண்டையோடு பின்னிக் கிடந்தது. அந்த மரத்தில் தகரமில்லை, அதனால் இவர்கள் தகரமும் வீண்தான். அடுத்த தேங்காய் வெட்டின்போது கூலியைப் பங்கிட்டு, ஒரே ஆளை இரண்டு தோப்பிலும் ஏற்றிச் சுத்தம் செய்து, பிரிக்க முடியாத அந்த இரண்டு மரத்தையும் ஒன்றாகக் கருதி இரண்டிலும் தகரம் அடித்தார்கள்.