காணொளியின் பின்னணி இசையை அடையாளம் காணுதல்

காணொளியின் பின்னணி இசையை அடையாளம் காணுதல் என்பது, ஒரு காணொளியில் பேச்சுக்கோ காட்சிக்கோ பின்னால் ஒலிக்கும் இசையிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, அது எந்த ஒலிப்பதிவைச் சேர்ந்தது எனக் கணினி வழியே கண்டறிவதாகும். இதற்குப் பரவலாகப் பயன்படும் முறை ஒலிக் கைரேகை எனப்படுகிறது. தெளிவான, நீளமான துணுக்குகளில் இம்முறை சில நொடிகளில் விடை தருகிறது. இரைச்சல் கலந்த குறுந்துணுக்குகளில் அது பெரும்பாலும் தோற்றுவிடுகிறது. அதற்கான காரணம் கைரேகை உருவாக்கப்படும் விதத்திலேயே இருக்கிறது.

ஒலிக் கைரேகை உருவாகும் விதம்

இத்துறையில் முதலில் பரவலான சேவை ஷசாம் ஆகும். 2002 ஆம் ஆண்டு பிரித்தானியாவில் தொடங்கிய இச்சேவையில், தொடக்கத்தில் பயனர் 2580 என்ற எண்ணுக்கு அழைத்துத் தொலைபேசியைப் பாட்டு ஒலிக்கும் பக்கம் பிடிக்க வேண்டியிருந்தது. பாட்டின் பெயர் குறுஞ்செய்தியாக வந்து சேர்ந்தது. இதன் கணிப்பு முறையை வடிவமைத்த ஏவரி வாங், 2003 இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் அதை விளக்கினார்.

முதலில் ஒலி ஒரு வரைபடமாக மாற்றப்படுகிறது. கிடைமட்டத்தில் நேரமும் செங்குத்தில் அதிர்வெண்ணும் அமையும். அவ்வரைபடத்தில் சுற்றியுள்ள இடங்களைவிட வலுவாக ஒலிக்கும் உச்சப்புள்ளிகள் மட்டும் வைத்துக்கொள்ளப்பட்டு, மற்ற அனைத்தும் நீக்கப்படுகின்றன. மிஞ்சுவது இரவு வானத்து விண்மீன் கூட்டம் போன்ற ஒரு புள்ளிப் படமாகும்.

தனிப் புள்ளி ஒன்றால் பாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே சுரத்தில் ஒலிக்கும் புள்ளிகள் எல்லாப் பாட்டிலும் இருக்கும். எனவே ஒவ்வொரு புள்ளியும் தனக்கு அடுத்து வரும் சில புள்ளிகளுடன் இணைக்கப்படுகிறது. இரு புள்ளிகளின் அதிர்வெண்களும் அவற்றுக்கிடையேயான கால இடைவெளியும் சேர்ந்து ஒரு குறியெண் ஆகின்றன. தரவுத்தளத்தில் உள்ள எல்லாப் பாடல்களின் குறியெண்களும், அவை பாட்டில் எந்த நொடியில் வருகின்றன என்ற விவரத்துடன் முன்பே சேமிக்கப்பட்டிருக்கும்.

துணுக்கின் குறியெண் ஒன்று ஒரு பாட்டில் இருப்பது மட்டும் சான்றாகாது. பல குறியெண்கள் ஒரே பாட்டில், ஒரே கால வித்தியாசத்தில் பொருந்த வேண்டும். துணுக்கின் 1 ஆவது நொடி பாட்டின் 49 ஆவது நொடியுடனும், 2 ஆவது நொடி 50 ஆவது நொடியுடனும் பொருந்தினால் வித்தியாசம் இரண்டிலும் 48 நொடி. இவ்வாறு ஒத்துப்போகும் இணைகள் போதுமான அளவு குவிந்தால்தான் பாட்டின் பெயர் விடையாக வெளிவரும்.

குறுந்துணுக்கு ஏன் தோற்கிறது

ஓர் எடுத்துக்காட்டாக, பேச்சு கலந்த பயணக் காணொளி ஒன்றிலிருந்து 3 நொடித் துணுக்கு எடுக்கப்படுவதாகக் கொள்ளலாம். கணக்கை எளிமையாக்க, நொடிக்கு 10 உச்சப்புள்ளிகள் எடுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் 5 புள்ளிகளுடன் இணைக்கப்படுகிறது என வைத்துக்கொள்வோம். 3 நொடிக்கு 30 புள்ளிகள், சுமார் 150 இணைகள் கிடைக்கும்.

இப்போது பேச்சு குறுக்கிடுகிறது. மனிதக் குரலின் உயிரொலிகள் தாமே வலுவான உச்சப்புள்ளிகளை உண்டாக்குகின்றன. அவை அருகிலிருக்கும் இசையின் உச்சங்களைத் தள்ளிவிட்டு அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மேலும், பேச்சு வரும் இடங்களில் இசையின் ஒலியளவைக் குறைத்து வைப்பது காணொளித் தொகுப்பாளர்களின் வழக்கம். இதனால் இசையின் புள்ளிகளில் 5 இல் 1 மட்டுமே தப்பிப் பிழைக்கிறது எனலாம்.

ஓர் இணை பயன்பட வேண்டுமானால் அதன் இரு புள்ளிகளும் தப்பியிருக்க வேண்டும். அதற்கான வாய்ப்பு 5 இல் 1 அன்று, 25 இல் 1 ஆகும். ஆகவே 150 இணைகளில் 6 மட்டுமே மிஞ்சும். பேச்சு இன்னும் ஓங்கி, 10 இல் 1 புள்ளி மட்டுமே தப்பினால் மிஞ்சுவது 1 அல்லது 2 இணைதான். பெரிய தரவுத்தளத்தில் தொடர்பில்லாத பாடல்களிலும் இந்த அளவுக்குத் தற்செயலாகப் பொருத்தம் அமையலாம். ஒரே தாளத் துண்டைப் பல பாடல்கள் பயன்படுத்துவதும் உண்டு. எனவே இத்தகைய நிலையில் நல்ல அமைப்பு விடை சொல்லாமல் விடும். கவனமற்ற அமைப்பு தவறான பெயரைச் சொல்லும்.

அதே இரைச்சலில் துணுக்கை 12 நொடியாக நீட்டினால் தொடக்கத்தில் 600 இணைகள் இருக்கும். 25 இல் 1 தப்பினால் 24 இணைகள் ஒரே வித்தியாசத்தில் குவியும். விடை உறுதியாகிவிடும். வாங்கின் சோதனை முடிவுகளும் இதையே காட்டுகின்றன. 10,000 பாடல்கள் கொண்ட தரவுத்தளத்தில், 15 நொடித் துணுக்குகளில் இரைச்சலின் ஆற்றல் இசையைப்போல் ஏறத்தாழ 8 மடங்கானபோதுதான் வெற்றி பாதியாகக் குறைந்தது. 10 நொடித் துணுக்குகளுக்கு அந்த எல்லை சுமார் 4 மடங்கு. 5 நொடித் துணுக்குகளுக்குச் சுமார் 2 மடங்கு.

துணுக்கை எடுக்கும் முறை

ஒலிபெருக்கியில் ஓடவிட்டு இன்னொரு கைபேசியால் கேட்கச் செய்தால் அறையின் எதிரொலியும் இரைச்சலும் கூடுதலாகச் சேரும். காணொளிக் கோப்பிலிருந்தே ஒலியை நேரடியாகப் பிரித்தெடுப்பது நல்லது. பேச்சு நிற்கும் இடமாகப் பார்த்து 10 முதல் 15 நொடி வரை எடுக்க வேண்டும். கீழ்வரும் கட்டளை 1 நிமிடம் 10 ஆவது நொடியிலிருந்து 12 நொடி ஒலியைப் பிரித்துத் தரும்.

```
ffmpeg -ss 00:01:10 -t 12 -i video.mp4 -vn clip.wav
```

பேச்சே நிற்காத காணொளிகளில் இன்னொரு வழி உண்டு. இரட்டைத் தட ஒலியில் பேச்சு வழக்கமாக இடம், வலம் இரண்டிலும் சம அளவில் வைக்கப்படும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் பேச்சு பெருமளவு மறையும்; இரு தடங்களிலும் வேறுபட்டு ஒலிக்கும் இசைக்கருவிகள் மிஞ்சும்.

```
ffmpeg -i clip.wav -af "pan=mono|c0=0.5*c0-0.5*c1" music.wav
```

இசையும் ஒற்றைத் தடமாக இருந்தால் அதுவும் பேச்சுடன் சேர்ந்தே மறைந்துவிடும். வெளிவரும் கோப்பு ஏறக்குறைய அமைதியாக இருப்பதே அதற்கு அடையாளம்.

விடையைச் சரிபார்த்தல்

ஒரு பெயர் கிடைத்ததும் காணொளியின் வேறோர் இடத்திலிருந்து இரண்டாவது துணுக்கை எடுத்துத் தேட வேண்டும். அதே பெயர் வந்தால், பாட்டைக் கேட்டு இரு துணுக்குகளும் அதில் எங்கே வருகின்றன என்று குறிக்கலாம். காணொளியில் 1:10, 1:28 ஆகிய இடங்களில் எடுத்த துணுக்குகள் பாட்டில் 0:48, 1:06 ஆகிய இடங்களில் வந்தால் இரண்டிலும் இடைவெளி 18 நொடி, விடை சரியானது. இடைவெளி வேறுபட்டால் இசை இடையில் வெட்டி ஒட்டப்பட்டிருக்கலாம், அல்லது விடை தவறாக இருக்கலாம். அப்போது இரு இடங்களையும் காதால் கேட்டு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

முறையின் எல்லைகள்

நீளமான, தெளிவான துணுக்கும் சில வேளைகளில் பொருந்தாது. இசையின் சுருதியையும் வேகத்தையும் சேர்த்து 5 விழுக்காடு கூட்டினால், 1,000 ஹெர்ட்ஸில் இருந்த உச்சம் 1,050 க்கு நகர்ந்துவிடும். அதிர்வெண்கள் சுமார் 8 ஹெர்ட்ஸ் அகலக் கட்டங்களாகக் குறிக்கப்பட்டால் இது 6 கட்டத் தாவல். காதுக்கு அதே பாட்டாகக் கேட்டாலும் குறியெண்கள் முற்றிலும் வேறாகிவிடும்.

இம்முறை அடையாளம் காண்பது மெட்டை அன்று, குறிப்பிட்ட ஓர் ஒலிப்பதிவை. அதே பாட்டை மேடையில் வேறொருவர் பாடினால் அது வேறு பதிவாகும். தரவுத்தளத்தில் இல்லாத இசைக்கும் விடை வராது. தமிழ்த் திரைப்படங்களில் பாடல்கள் இசைத்தட்டாக வெளிவந்தபோதும், காட்சிகளுக்கான பின்னணி இசை நெடுங்காலம் பெரும்பாலும் தனியே வெளியிடப்படவில்லை. அத்தகைய இசைக்கு எத்தனை நீளமான துணுக்கைக் கொடுத்தாலும், ஒப்பிடுவதற்கான மூலப்பதிவு மறுபக்கத்தில் இராது. அங்கே படத்தின் பெயரையும் காட்சியையும் கொண்டு தேடுவதே வழியாகும்.