மெஷின் காட்டும் தொகையும் நாம் எண்ணிய தொகையும்

வங்கி வாசலில் இருக்கும் டெபாசிட் மெஷினில் மளிகைக் கடைக்காரர் ஒருவர் 43,000 ரூபாய் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 500 ரூபாய் நோட்டு 60, 200 ரூபாய் நோட்டு 40, 100 ரூபாய் நோட்டு 50, ஆக மொத்தம் 150 நோட்டுகள். மெஷின் தந்த ஸ்லிப்பிலோ தொகை 42,600 என்று இருக்கிறது. 400 ரூபாயை மெஷின் விழுங்கிவிட்டது என்றுதான் முதலில் தோன்றும்.

ஆனால் 400 ரூபாய்க்கு ஒற்றை நோட்டு கிடையாது. ஸ்லிப்பில் நோட்டு வாரியாக அச்சாகியிருப்பதைப் பார்த்தால் விஷயம் பிடிபடும்: 500 ரூபாய் 59, 200 ரூபாய் 40, 100 ரூபாய் 51. மொத்தம் அதே 150 நோட்டுகள்தான். 500 ரூபாய்க் கட்டுக்குள் ஒரு 100 ரூபாய் நோட்டு கலந்திருக்கிறது, அவ்வளவுதான். இதே மாதிரி 300 ரூபாய் குறைந்தால், 500 என்று எண்ணியது 200 ரூபாய் நோட்டாக இருந்திருக்கும். நோட்டுகளின் எண்ணிக்கை சரியாக இருந்து தொகை மட்டும் மாறியிருந்தால், பெரும்பாலும் பிழை நம் கட்டில்தான்.

ஸ்லிப்பில் 42,500 என்றும், 500 ரூபாய் நோட்டு 59 என்றும், மற்றவை சரியாகவும் இருந்தால் கதை வேறு. இப்போது நோட்டுகள் 149தான். ஒரு நோட்டு வீட்டிலேயே குறைந்திருக்கலாம், வாய்ப்பகுதியில் சிக்கியிருக்கலாம், ஈரத்தாலோ பிசுக்காலோ இன்னொரு நோட்டோடு ஒட்டி உள்ளே போயிருக்கலாம். ஒட்டிய நோட்டை அதன் தடிமனை வைத்து மெஷின் வழக்கமாகத் திருப்பித் தள்ளிவிடும். எப்போதாவது தப்பிவிடும்.

இதைச் சரிசெய்ய மிக எளிதான நேரம் ஸ்லிப் வருவதற்கு முன்பே இருக்கிறது. எண்ணி முடித்ததும் நோட்டு வாரியான கணக்கைத் திரையில் காட்டி மெஷின் சம்மதம் கேட்கும். அதுவரை பணம் நிரந்தரப் பெட்டிகளுக்குப் போகாமல் உள்ளே தற்காலிகமாக நிற்கிறது. கணக்கு ஒத்துவராவிட்டால் ரத்து செய்யுங்கள், பணம் திரும்ப வரும். தட்டை நன்றாகப் பார்த்து, நோட்டுகளை விசிறிப் பிரித்து, மறுபடி எண்ணிப் போடலாம். பின்னால் வரிசை நிற்கிறதே என்று அவசரமாகச் சம்மதம் தருவதில்தான் பலருடைய தொல்லை தொடங்குகிறது.

சம்மதம் கொடுத்துவிட்டால் அடுத்து கிளைதான். முதலில் ஸ்லிப்பைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளின் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். புகாரில் “500 ரூபாய் குறைகிறது” என்று மட்டும் எழுதினால் போதாது. மெஷின் எண், பரிவர்த்தனை எண், தேதி, நேரம் ஆகியவற்றோடு, நீங்கள் போட்டது இன்ன நோட்டு இத்தனை, மெஷின் காட்டியது இத்தனை என்று எழுதுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

வங்கி இரண்டு இடங்களில் தேடும். ஒன்று, மெஷினின் உள்பதிவு. எத்தனை நோட்டை ஏற்றது, எத்தனையைத் திருப்பியது, எங்கே சிக்கியது என்பது நேரத்தோடு அதில் இருக்கும். மற்றது, பெட்டிகளைத் திறந்து எண்ணும் பணச் சரிபார்ப்பு. மெஷின் கணக்கைவிட உள்ளே 500 ரூபாய் கூடுதலாக இருந்து, அந்தக் கால இடைவெளியில் வேறு யாரும் உரிமை கோராமல் இருந்தால் உங்கள் பக்கம் வலுக்கும். இதனால்தான் அன்றே சொல்லிவிட வேண்டும் என்கிறேன். பணம் போடவும் எடுக்கவும் ஒரே மெஷின் என்றால், நீங்கள் போட்ட நோட்டே அடுத்தவர் கைக்குப் போகும். ஒட்டிய நோட்டு அப்படி வெளியே போய்விட்டால் உள்ளே மிச்சம் எதுவும் தெரியாது. கேமராவும் இங்கே அரைகுறைச் சாட்சிதான். தட்டில் விட்டுப்போன நோட்டை அது காட்டலாம், கட்டுக்குள் எத்தனை இருந்தன என்பதைக் காட்டாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கணக்கில் கழிந்தும் ஏடிஎம்மில் பணம் வராவிட்டால் 5 நாளுக்குள் திருப்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. அது பணம் எடுப்பதற்கானது. டெபாசிட் கணக்கு முரண்பாட்டுக்கும் அதே கெடு உண்டு என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் நியாயமாகப் படாவிட்டாலும், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். அங்கேயும் முதலில் தேவைப்படுவது நீங்கள் வங்கியிடம் எழுத்தில் கொடுத்த புகார்தான்.

தொகை கூடுதலாக விழுந்திருந்தாலும் கிளையில் சொல்லிவிடுங்கள். சரிபார்ப்பில் பெட்டியில் பணம் குறைவது தெரிந்ததும், அதே உள்பதிவை வைத்து உங்கள் கணக்குக்கு வந்து சேர்வார்கள். அதற்குள் செலவழித்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.