பாதியில் நின்ற இரண்டு பலகைகள்

லண்டன் நேஷனல் கேலரியில் மைக்கலாஞ்சலோ பாதியில் விட்டுச் சென்ற இரண்டு ஓவியங்கள் இருக்கின்றன. இரண்டும் மரப்பலகையில் தீட்டப்பட்டவை. ஏறத்தாழ 1497இல் தொடங்கிய 'மான்செஸ்டர் மடோனா' முட்டை டெம்பராவில் வரையப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1500 வாக்கில் தொடங்கிய மற்றொன்று, இயேசுவின் உடலைக் கல்லறைக்கு எடுத்துச் செல்லும் காட்சி. அது எண்ணெய் வண்ணம். முழுமை பெற்ற ஓவியம் தான் உருவான வழியை மறைத்துவிடும். இந்த இரண்டும் மறைக்கவில்லை. அதனால், ஒரே கை இருவேறு வண்ணங்களோடு எப்படி வேலை செய்தது என்பதை அறிய இவற்றைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

மான்செஸ்டர் மடோனாவின் இடது ஓரத்தில் நிற்கும் இரண்டு தேவதூதர்களைப் பாருங்கள். அவர்களுடைய முகங்கள் பச்சையாக இருக்கின்றன. நோயாளிகளின் வெளிறலல்ல அது. 'பச்சை மண்' என்ற கனிமப் பொடியால் பூசிய அடிப்பூச்சு. சதை நிறம் அதன் மேல்தான் வரவேண்டும். வலப்பக்கத்துத் தூதர்களுக்கு வந்துவிட்டது, இடப்பக்கத்தவர்களுக்கு வரவில்லை. கன்னி மரியாளின் மேலாடையும் கறுப்பாகவே நிற்கிறது. விலை உயர்ந்த நீலத்துக்காகக் காத்திருந்த அடித்தளம் அது.

இப்படி அடுக்கடுக்காகத் திட்டமிட்டு ஏறவேண்டிய கட்டாயம் எங்கிருந்து வந்தது? வண்ணம் காயும் விதத்திலிருந்துதான்.

டெம்பராவின் செய்முறை எளியது. முட்டையின் வெள்ளைக் கருவை வடித்துவிட்டு, மஞ்சள் கருவை உள்ளங்கையில் மாற்றி மாற்றி உருட்டி ஈரம் போக்குவார்கள். பிறகு அதன் மெல்லிய தோலை விரல்களால் பிடித்துத் தூக்கி, அடியில் குத்தி, உள்ளிருப்பதை மட்டும் கிண்ணத்தில் ஒழுகவிடுவார்கள். தோல் உள்ளே விழுந்தால் வண்ணத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். கருவோடு சிறிது தண்ணீர் சேர்த்து, நீரில் குழைத்த நிறப்பொடியில் ஏறத்தாழ சம அளவு கலப்பார்கள். கலவை சரிதானா என்று அறிய ஒரு சோதனை உண்டு. கண்ணாடியில் ஒரு கோடு இழுத்து உலரவிட்டு, கத்தி முனையால் சுரண்டவேண்டும். தோல்போல் சுருண்டு வந்தால் சரி. பொடியாக உதிர்ந்தால் கரு போதவில்லை. கரு கூடினால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகப் பளபளக்கும்.

கோடு இழுத்த சில நொடிகளிலேயே அது தொடக் காய்ந்துவிடும். தண்ணீரின் ஒரு பகுதி ஆவியாகிறது, மறுபகுதியை அடியிலுள்ள ஜெஸ்ஸோ உறிஞ்சிக்கொள்கிறது. ஜெஸ்ஸோ என்பது ஜிப்சத்தையும் விலங்குப் பசையையும் குழைத்து, பலகையில் பல பூச்சுகளாகப் பூசித் தேய்த்த வெண்பரப்பு. ஆனால் தொடக் காய்வது ஒன்று, இறுகுவது வேறு. கருவிலுள்ள புரதமும் கொழுப்பும் முழுதாகக் கெட்டிப்படப் பல மாதங்கள் ஆகும். அதுவரை நகம் பட்டாலே கீறல் விழும். அதன்பின் அசைக்க முடியாது. சாப்பிட்ட தட்டில் மஞ்சள் கரு காய்ந்துபோனால் கழுவுகிறவர் படும் பாடு தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

எண்ணெய் வண்ணத்தில் ஆவியாவதற்குத் தண்ணீரே இல்லை. ஆளி விதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து, தன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகிறது. உலரும்போது அதன் எடை முதலில் கூடவே செய்யும். மெல்லிய பூச்சு தொடக் காய்வதற்கே சில நாட்கள் ஆகும். நிறத்தைப் பொறுத்து ஓரிரு வாரங்களும் ஆகலாம். ஈய வெள்ளை சீக்கிரம் உலரும். எலும்புக் கரி போன்ற கறுப்புகள் இழுத்தடிக்கும்.

டெம்பராவில் ஒரு கன்னத்தின் வெளிச்சத்தை நிழலோடு குழைக்க முடியாது. குழைப்பதற்குள் காய்ந்துவிடும். ஈரம் தங்கிய இடத்தில் தூரிகை மீண்டும் போனால், கீழுள்ள பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வரும். அங்கே ஒரு சிறு குழி விழும். எனவே ஓவியர் தூரிகையை நன்றாகப் பிழிந்து, மெல்லிய கோடுகளை அருகருகே, வடிவத்தைத் தழுவி இழுக்கிறார். அவற்றின் மேல் இன்னொரு நிறத்தில் மற்றொரு கோட்டு வரிசை. உலர்வது நொடிகளில் என்பதால் ஒரே நாளில் எத்தனையோ வரிசைகள் ஏறும். 1400ஐ ஒட்டி ஓவியக் கைநூல் எழுதிய செனினோ செனினி, பச்சை மண்ணின் மேல் மூன்று சதை நிறங்களை வைத்துப் படிப்படியாக ஏறச் சொல்கிறார். இளம் முகங்களுக்கு நகரத்துக் கோழியின் வெளிறிய கரு, முதியவர்களின் கறுத்த முகங்களுக்கு நாட்டுப்புறக் கோழியின் சிவந்த கரு என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு நுணுக்கமானவர் அவர்.

பச்சை ஏன்? இளஞ்சிவப்பின் அடியில் பச்சை இருந்தால் நிழல்கள் இயல்பாகக் குளிர்ந்து தெரியும். ஆனால் மேல் அடுக்குகள் மிக மெல்லியவை. சில நூற்றாண்டுத் துடைப்பிலும் தேய்மானத்திலும் அவை கரைந்தால் பச்சை வெளியே எட்டிப் பார்க்கும். பழைய சியன்னா ஓவியங்களில் பல மாதா முகங்கள் பச்சையோடியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

எண்ணெயில் சிக்கல் வேறு. பல மணி நேரம் ஈரமாக இருப்பதால் நிழலையும் வெளிச்சத்தையும் பலகையிலேயே ஒன்றுக்குள் ஒன்று இழைக்கலாம். மைக்கலாஞ்சலோவின் கல்லறைக் காட்சியில் தீட்டி முடித்த உடல்களில் அந்த இழைப்பைக் காணலாம், கோடுகளைத் தேடவேண்டியிருக்கிறது. வலது கீழ் மூலையில் ஓர் உருவம் இருக்கவேண்டிய இடம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது.

அடுக்குகளுக்கோ ஒரு கண்டிப்பான வரிசை உண்டு. அடியில் எண்ணெய் குறைவு, மேலே எண்ணெய் அதிகம். மாற்றினால், சீக்கிரம் இறுகும் மேல்பூச்சு, இன்னும் அசைந்துகொண்டிருக்கும் அடிப்பூச்சின் மேல் மாட்டிக்கொண்டு வெடிக்கும். தடிமனாக அப்பினால் மேல்தோல் முதலில் இறுகிச் சுருக்கம் விழும். இருந்தாலும் எண்ணெய் தடிப்பைப் பொறுத்துக்கொள்ளும். டெம்பரா பொறுக்காது, விரிந்து உதிரும். வளையும் துணியைவிட வளையாத பலகையே டெம்பராவுக்கு ஏற்றதாக இருப்பதும் அதனால்தான்.

இனி முடிந்த பலகையின் தோற்றம். டெம்பராவில் தண்ணீர் போனபின் நிறத்துகள்களைச் சுற்றிக் கொஞ்சம் கருதான் மிஞ்சும். துகள்கள் மேற்பரப்பில் துருத்தி நிற்க, ஒளி அவற்றில் பட்டு எல்லாத் திசையிலும் சிதறும். அதனால் பரப்பு பட்டுத்துணியின் மென்மையான மினுப்போடு, வெளிச்சமாக, ஓரங்கள் கூர்மையாக இருக்கும். ஆழ்ந்த இருட்டு மட்டும் எளிதில் கிட்டாது. எண்ணெயோ ஒவ்வொரு துகளையும் முழுக்கச் சூழ்ந்துகொள்கிறது. ஒளி சிதறாமல் உள்ளே இறங்குகிறது. நிறம் ஆழ்ந்து, கறுப்பு உண்மையிலேயே கறுப்பாகிறது. லாபிஸ் லாசுலிக் கல்லிலிருந்து எடுக்கும் அல்ட்ராமரின் நீலம் இதற்கு நல்ல சாட்சி. முட்டையில் அது பளிச்சென்ற நீலம். எண்ணெயில் வெள்ளை கலக்காவிட்டால் கறுப்பை நெருங்கிவிடும். வயதாக ஆக ஆளி விதை எண்ணெய் மஞ்சளிக்கவும் செய்யும். முட்டைக் கருவின் மஞ்சளோ வெளிச்சத்தில் தானே வெளுத்துவிடுகிறது.

கண்ணால் மட்டும் பார்த்து இரண்டையும் பிரிப்பதில் ஓர் எல்லை உண்டு. மேலே வார்னிஷ் பூசினால் டெம்பராவும் பளபளக்கும், நிறம் ஆழமாகும். அப்போது நம்பத்தக்க தடயம் கோடுகள்தான்: கன்னத்திலோ கழுத்திலோ வடிவத்தைச் சுற்றி ஓடும் முடி அளவுக் கோடுகள் தெரிந்தால் பெரும்பாலும் முட்டை. அதுவும் எப்போதும் போதாது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலிய ஓவியர்கள் பலர் ஒரே பலகையில் ஒரு பகுதியை முட்டையிலும் மறு பகுதியை எண்ணெயிலும் தீட்டினார்கள்; இரண்டையும் கலந்தும் பார்த்தார்கள். அத்தகைய பலகைகளில் அருங்காட்சியக ஆய்வாளர்கள் ஊசிமுனை அளவு வண்ணத்துணுக்கை எடுத்து, அதிலுள்ள கொழுப்பு அமிலங்களை அளந்தே முடிவுக்கு வருகிறார்கள்.