டைம்டேபிளைத் தணிக்கை செய்யுங்கள்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களின் அறைச் சுவரில் பெரும்பாலும் ஒரு டைம்டேபிள் ஒட்டியிருக்கும். இரண்டாவது வாரத்திலேயே அதைப் பின்பற்ற முடியாமல் போய்விடும். உடனே படிப்பவர் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்வார்: 'எனக்கு ஒழுங்கு போதாது.' இப்படிப் பல அட்டவணைகளை உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலும் கோளாறு ஆளிடம் இல்லை. தாளில் எழுதிய கணக்கே தப்பு. அதைத் தேர்வுக்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு டைம்டேபிளை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சரிபார்ப்போம். அதை எழுதியவர் தனியார் அலுவலகமொன்றில் கணக்கு எழுதும் இளம்பெண். வேலை காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு வரை. தேர்வுக்குப் பதின்மூன்று வாரம் இருந்தது. வேலை நாட்களில் காலை 4.30 முதல் 8 வரை, மதிய இடைவேளையில் அரை மணி, இரவு 7 முதல் 11.30 வரை என்று எழுதியிருந்தார். கூட்டினால் நாளைக்கு எட்டரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைக்கு 14 மணி நேரம். ஆக, வாரத்துக்கு 65 மணி நேரம்.

முதலில் பார்க்க வேண்டியது, அட்டவணையில் எழுதப்படாத நேரத்தை. இரவு 11.30க்கும் காலை 4.30க்கும் நடுவே ஐந்து மணி நேரத் தூக்கம். ஆறு மணிக்கு வேலை முடிந்து பஸ் பிடித்து வீடு வந்து ஏழுக்கே புத்தகம் திறக்க வேண்டும். பதினொன்றரை வரை இரவுச் சாப்பாட்டுக்கென்று ஒரு கட்டம்கூட இல்லை. வீட்டு வேலை, துணி துவைப்பது, விருந்தாளி, மாதத்தில் முடியாத நாட்கள் எதற்கும் இடமில்லை. ஒரு பஸ் தாமதமானாலும் அன்றைய திட்டம் உடையும். இடைவெளியே இல்லாத அட்டவணை பார்க்கக் கச்சிதமாக இருக்கும். ஆனால் அதுதான் முதலில் உடைகிறது.

அடுத்தது அளவெடுப்பது. இதற்கு ஒரு வாரம் போதும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் படிக்க உட்கார்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் குறிக்க வேண்டும். நடுவில் போனை எடுத்திருந்தால் அந்த நிமிடங்களைக் கழித்துவிட வேண்டும். பண்டிகை வாரத்திலோ லீவு வாரத்திலோ இதைச் செய்யக் கூடாது, சாதாரண வாரம்தான் சரியான அளவுகோல். அந்தப் பெண்ணின் கணக்கில் வேலை நாளுக்குச் சராசரியாக மூன்றேகால் மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணி நேரமும் வந்தது. வாரத்துக்கு 26. தாளில் இருந்ததோ 65.

அவர் முகம் வாடிவிட்டது. வாட வேண்டியதில்லை. வேலைக்கும் போய்க்கொண்டு வாரம் 26 மணி நேரம் படிப்பது நல்ல உழைப்பு. நாம் எல்லோருமே நமக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறோம். 1994இல் கனடா உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால்கூட 49 நாளில் முடித்துவிடுவோம் என்றார்கள். உண்மையில் பிடித்தது 55 நாளுக்கும் மேல். அதனால் மனதில் தோன்றும் மணி நேரத்தை நம்பாமல், நோட்டில் பதிந்த மணி நேரத்தையே திட்டத்தின் அடித்தளமாக வைக்க வேண்டும். 26ஐப் பதின்மூன்றால் பெருக்கினால் 338. தேர்வு வரை அவர் கையில் இருப்பது இவ்வளவுதான்.

இனி மீள்பார்வைக்கு வருவோம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பாடப் புத்தகங்களை அவர் 160 பாடங்களாகப் பிரித்து வைத்திருந்தார். தமிழில் 45, அறிவியலில் 55, சமூக அறிவியலில் 60. நாளைக்கு இரண்டு பாடம் என்று 80 நாள் படிப்பு. கடைசிப் பத்து நாட்களுக்கு நேரே 'ரிவிஷன், மாடல் டெஸ்ட்' என்று ஒரே வரி. மிகப் பல அட்டவணைகளில் இந்த ஒரு வரிதான் மீள்பார்வை.

அந்த வரிக்குள் என்ன இருக்கிறது? பத்து நாளில் 160 பாடம் என்றால் நாளைக்குப் பதினாறு. அவருடைய உண்மையான வேகத்தில் நாளைக்குக் கிடைப்பது நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. ஒரு பாடத்துக்குப் பதினான்கு நிமிடம்கூட வராது, அதிலும் மாடல் டெஸ்டுக்கான நேரத்தை இன்னும் கழிக்கவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், முதல் நாள் படித்த பாடத்தை அவர் மறுபடி திறப்பது எண்பது நாள் கழித்து. மறதி முதல் சில நாட்களில்தான் மிக வேகமாக நடக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எர்மான் எபிங்காஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885இலேயே பதிவு செய்துவிட்டார். எண்பது நாள் கழித்துத் திறக்கும் பாடத்தில் பெரும்பகுதியைப் புதிதாகப் படிப்பது போலவே படிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதினான்கு நிமிடம் எப்படிப் போதும்?

மீள்பார்வை என்பது கடைசியில் வைக்கும் ஒரு கட்டம் இல்லை. ஒவ்வொரு பாடத்தின் விலையிலும் அது அடக்கம். பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் தமிழ்நாட்டின் சமூக மாற்றங்களைப் பற்றிய பாடத்தையே பாருங்கள். திங்கட்கிழமை ஒன்றரை மணி நேரம் படித்துக் குறிப்பெடுக்கிறோம். புதன்கிழமை புத்தகத்தை மூடி வைத்து, சுயமரியாதை இயக்கம் தொடங்கிய ஆண்டு எது, தேவதாசி முறையை ஒழித்த சட்டம் எப்போது வந்தது என்று நம்மையே கேட்டு வெள்ளைத்தாளில் எழுத வேண்டும். 1925, 1947 என்று வந்தால் சரி, வராததை மட்டும் புத்தகத்தில் பார்க்கலாம். இதற்கு இருபது நிமிடம். பத்து நாள் கழித்து இதையே மறுபடி செய்யப் பத்து நிமிடம், ஒரு மாதம் கழித்து இன்னொரு பத்து நிமிடம்.

மூடி வைத்து எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்களே முன்னால் இருந்தார்கள். ஆகவே அட்டவணையில் 'ரிவிஷன்' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தப் பாடம், எத்தனையாவது முறை என்றும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த நேரம் புரட்டிப் பார்ப்பதிலேயே போய்விடும்.

இப்போது முழு விலையைப் போடலாம். முதல் வாசிப்பு தொண்ணூறு நிமிடம், மூன்று முறை திரும்பிப் பார்ப்பது நாற்பது நிமிடம், மொத்தம் 130. 160 பாடங்களுக்குச் சுமார் 347 மணி நேரம். கையில் இருப்பதோ 338. கணக்குப் பயிற்சியும் மாடல் டெஸ்டும் சேர்வதற்கு முன்பே கடன் விழுந்துவிட்டது. முதல் வாசிப்பை மட்டும் கணக்கிட்டால் 240 மணி நேரம்தான் வரும், நிறைய நேரம் மிச்சமிருப்பது போலத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பித்தான் அளவுக்கு மீறிய சுமையைத் தூக்கிக்கொள்கிறோம்.

338ஐப் பங்கிட்டோம். திறனறிவுக் கணக்குக்கு வாரம் மூன்று மணி நேரம் வீதம் 39. ஆறு மாடல் டெஸ்டுக்கு, எழுத மூன்று மணி நேரமும் தவறுகளை ஆராய மூன்று மணி நேரமுமாக 36. எதுவும் எழுதாமல் காலியாக விடும் நேரம் வாரத்துக்கு இரண்டரை மணி வீதம் ஏறக்குறைய 33. காய்ச்சல், கல்யாணம், ஆபீஸில் மாதக் கடைசி வேலை எல்லாவற்றுக்கும் அந்தக் காலி நேரம்தான் காப்பு. மீதி 230 மணி நேரத்தை 130 நிமிடத்தால் வகுத்தால் 106 பாடம் வரும். 54 பாடங்களைக் குறைத்தாக வேண்டும்.

எதைக் குறைப்பது? இங்கேதான் மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும். குரூப் 4இல் 200 கேள்விகளில் 100 தமிழிலிருந்து வருகின்றன. பொது அறிவுக்கு 75, திறனறிவுக்கு 25. தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியின் விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். அவருடைய பழைய அட்டவணையில் தமிழுக்கு 65இல் பதினோரு மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தது. கேட்டதற்கு, "தமிழ்தானே சார், பார்த்துக்கலாம்" என்றார். பாதி மதிப்பெண்ணுக்கு ஆறில் ஒரு பங்கு நேரம்! திறனறிவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு மணி நேரம். கணக்கைத் தினமும் கொஞ்சம் போட்டால்தான் கை வேகம் வரும்.

ஆகவே தமிழின் 45 பாடங்களில் கை வைக்கவில்லை. அறிவியல், சமூக அறிவியல் இரண்டிலும் இருந்த 115 பாடங்களிலிருந்து 61ஐத் தேர்ந்தெடுத்தோம். ஆணையம் வெளியிட்டுள்ள பாடத்திட்டத்தை ஒரு பக்கமும், அதன் இணையதளத்தில் கிடைக்கும் பழைய வினாத்தாள்களை மறுபக்கமும் வைத்துக்கொண்டு, பாடத்திட்டத்தில் நேரடியாகப் பெயர் வருபவையும் அடிக்கடி கேள்வி வருபவையும் முதலில் சேர்ந்தன. மற்ற 54 பாடங்களுக்கு மாடல் டெஸ்டில் அவை சார்ந்து எழும் கேள்விகளை மட்டும் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. இது மனதுக்குக் கஷ்டமான முடிவுதான். ஆனால் சுவரில் 160 என்று எழுதியிருந்தாலும் 54 பாடம் விடுபட்டே தீரும். எவை விடுபடுகின்றன என்பதை நாம் தீர்மானிக்காவிட்டால், கடைசி மாதத்தின் அவசரம் தீர்மானிக்கும், அதில் தமிழும் போகலாம்.

புதிய அட்டவணையையும் இரண்டு வாரத்துக்கொரு முறை சோதிக்க வேண்டும். கவனிக்க வேண்டிய அறிகுறி ஒன்றுதான்: நேரம் போதாத நாளில் எதை முதலில் தள்ளிப்போடுகிறீர்கள்? மீள்பார்வையைத் தள்ளிவிட்டுப் புதுப் பாடம் படிக்கிறீர்கள் என்றால் சுமை இன்னும் அதிகம் என்று பொருள். அப்போது தூக்கத்தைக் குறைக்காதீர்கள். பட்டியலிலிருந்து இன்னும் நான்கைந்து பாடங்களை எடுத்துவிடுங்கள். முதல் வாசிப்புக்கு ஒன்றரை மணிக்குப் பதில் இரண்டு மணி நேரம் ஆகிறது என்று நோட்டு காட்டினால், விலையை 160 நிமிடமாக மாற்றி மறுபடி வகுத்துப் பாருங்கள். எண்ணிக்கை குறையும். குறைந்த அந்த எண்ணிக்கையைத்தான் தேர்வு நாளில் நீங்கள் பார்க்காமல் எழுத முடியும்.