ஒரே எண்கள், வேறு வேறு நிறங்கள்

ஒரு கல்யாணத்துக்குப் போகும் போட்டோகிராபர் ஆயிரக்கணக்கில் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார். அத்தனையையும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து திருத்த யாருக்கும் நேரமில்லை. அதனால் ஒரு படத்தை மனதுக்குப் பிடித்த மாதிரி திருத்தி, அந்தத் திருத்தங்களை ஒரு பெயரில் சேமித்து, மற்றவற்றின் மீது ஒரே சொடுக்கில் ஏற்றிவிடுகிறார்கள். இதுதான் பிரீசெட். ஆனால் மண்டப வாசலில் எடுத்த படத்துக்கு அவ்வளவு பாந்தமாக இருந்த பிரீசெட், மணமேடைப் படத்தில் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியை ஆரஞ்சாக்கிவிடுகிறது. ஒரே திருத்தம் எப்படி இரண்டு நிறம் காட்டும்?

விடை அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. அடோபி லைட்ரூமின் பிரீசெட் கோப்பு .xmp என்று முடியும். அது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். உள்ளே இப்படி வரிகள் இருக்கும்:

```
crs:Temperature="5500"
crs:Exposure2012="+0.20"
crs:SaturationAdjustmentOrange="-15"
```

அவ்வளவுதான். அதில் படமும் இல்லை, நிறமும் இல்லை. எந்தக் குமிழை எந்த எண்ணில் நிறுத்த வேண்டும் என்ற பட்டியல் மட்டுமே உண்டு. (அந்த 2012, லைட்ரூம் 4 வெளிவந்த ஆண்டில் அறிமுகமான கணக்கு முறையின் அடையாளம், இன்றைக்கும் கூடவே வருகிறது.)

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பிரீசெட் இந்த எண்களைக் கூட்டுவதில்லை, மாற்றி எழுதுகிறது. இருட்டாக வந்த ஒரு படத்தின் வெளிச்சத்தை நீங்கள் +0.70 வரை ஏற்றி வைத்திருந்தால், +0.20 என்று சொல்லும் பிரீசெட்டைப் போட்டதும் அது +0.90 ஆகாது, +0.20 ஆகிவிடும். உங்கள் உழைப்பு போயே போயிற்று.

இப்போது முதல் வரிக்கு வருவோம். அது ஒளியின் நிற வெப்பநிலை, கெல்வின் அளவில். பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5500, ஹாலோஜன் விளக்கு ஏறத்தாழ 3200. படம் எந்த ஒளியில் எடுக்கப்பட்டது என்பதை இந்த எண் மென்பொருளுக்குச் சொல்கிறது. அந்த ஒளியின் சாயத்தை அது கழித்துவிட்டு வெள்ளையை வெள்ளையாகக் காட்டுகிறது. ஹாலோஜனில் எடுத்த தாலி கட்டும் படத்திடம் "இது பகல் வெளிச்சம்" என்று பிரீசெட் பொய் சொன்னால், கழிக்க வேண்டிய மஞ்சள் கழியாமல் அப்படியே நிற்கும். வேட்டி ஆரஞ்சான கதை இதுதான். ஜேபெக் படமாக இருந்தால் கெல்வினே கிடையாது. -100 முதல் +100 வரையான ஒரு ஒப்பீட்டு அளவுதான். ரா கோப்பில் செய்த பிரீசெட் ஜேபெக்கில் வேறு மாதிரி வேலை செய்வதற்கு இது ஒரு காரணம்.

கெல்வின் எண்ணுக்குள் இன்னொரு வேடிக்கை. 7000-லிருந்து 7500-க்குப் போனால் கண்ணுக்கு லேசாகத்தான் தெரியும். அதே 500-ஐ 3200-லிருந்து 3700-க்குத் தள்ளினால் படமே மாறிவிடும். நம் கண் உணர்வது கெல்வினின் தலைகீழ் விகிதத்தை ஒட்டியது. அந்தக் கணக்கில் இரண்டாவது மாற்றம் முதலாவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். ஆக, வெளியே எடுத்த படங்களில் சற்று அசட்டையாக இருந்தாலும் தப்பலாம். மஞ்சள் விளக்குக்குக் கீழே எடுத்தவற்றில் முடியாது.

வெளிச்சத்திலும் இதே குளறுபடிதான். கேமராவைத் தானியங்கியில் விட்டால், எதிரே இருப்பதெல்லாம் சராசரிச் சாம்பல் நிறம் என்று அது நினைத்துக்கொள்ளும். சட்டம் முழுக்க வேட்டி சட்டைகள் நிறைந்தால் படத்தை இருட்டாக்கும். அரக்குப் பட்டு நிறைந்தால் வெளுக்கச் செய்யும். ஒரே விளக்கின் கீழ் அடுத்தடுத்த நொடியில் எடுத்த இரண்டு படங்கள் இப்படி வேறு வேறு இடத்திலிருந்து கிளம்புகின்றன. இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டால், வித்தியாசம் அப்படியே தொடரும்.

சரி, என்ன செய்வது? படங்களை நிகழ்ச்சிப்படி பிரிக்காமல் ஒளிப்படி பிரிக்க வேண்டும். மாப்பிள்ளை அழைப்பு வாசலில், பகலில். தாலி கட்டியது மேடையில், ஹாலோஜனில். பந்தி கூடத்தில், டியூப் லைட்டில். மூன்று குவியல். ஒவ்வொரு குவியலிலும் ஒரே ஒரு படத்தை எடுத்து, சொட்டுக் குழாய் போன்ற கருவியால் அதிலுள்ள ஏதாவது நிறமற்ற சாம்பலில் சொடுக்குங்கள். வெள்ளை வேட்டியும் உதவும், ஆனால் மஞ்சள் தடவாத, வெளிச்சத்தில் வெளுத்துப்போகாத பகுதியாகப் பார்க்க வேண்டும். வெப்பநிலை 3250 என்று வந்தால், அந்த ஒயிட் பேலன்ஸை மட்டும் அந்தக் குவியல் முழுவதற்கும் ஒத்திசையுங்கள். வெளிச்சத்துக்கு Match Total Exposures என்ற கட்டளை இருக்கிறது. ஷட்டர், அப்பெர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் படித்து, கேமரா செய்த ஏற்ற இறக்கத்தை இது சரிக்கட்டிவிடும். விளக்கு மாறாத குவியலில்தான் இது பலிக்கும்; ஃபிளாஷ் கலந்திருந்தால் கணக்கு தப்பும்.

இதற்குப் பிறகுதான் பிரீசெட். அதில் வெப்பநிலை, வெளிச்சம் இரண்டு வரிகளும் இருக்கவே கூடாது. சேமிக்கும்போதே அந்தக் கட்டங்களின் டிக்கை எடுத்துவிட்டால் போதும். மூன்று குவியலும் ஒரே வெள்ளையிலிருந்து கிளம்பியிருப்பதால், மேலே ஏறும் டோனும் ஒன்றாகவே தெரியும். கடைசியில் ஒரு குவியல் மட்டும் கொஞ்சம் இருட்டாகத் தோன்றினால் Quick Develop பொத்தான்களைப் பயன்படுத்துங்கள். அவை பிரீசெட்டைப் போல மாற்றி எழுதுவதில்லை. ஒவ்வொரு படத்திலும் இருக்கும் எண்ணோடு கூட்டுகின்றன.

ஒத்துப்போகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியவே தெரியாது. நம் கண் சில நொடிகளில் அந்தச் சாயத்துக்குப் பழகி, மஞ்சளையும் வெள்ளை என்றே ஒப்புக்கொள்ளும். சின்னச் சின்னப் படங்களாகக் கட்டம் கட்டி வரிசையாக வைத்துப் பார்த்தால் பிசகியது தானாகத் துருத்திக்கொண்டு நிற்கும். முகத்தையும் மணப்பெண்ணின் புடவையையும் வரிசை நெடுகத் தொடர்ந்து பாருங்கள். கணினியில் இரவு நேர மஞ்சள் வடிகட்டி அணைந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வரியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆரஞ்சைக் குறைத்தால் முகம் மட்டும் மாறுவதில்லை. மஞ்சள், தங்கம், சாமந்தி எல்லாம் கூடவே போகும். விலைக்கு வரும் பிரீசெட்டுகளில் பல, பச்சையைப் பழுப்பாக்கி ஆரஞ்சை வெளுக்கவைப்பவை. அவை நம் மண்டபத்துக்கு வந்தால் வாழை மரம் காய்ந்துபோகும், மாநிறம் காணாமல் போகும். அது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

ஊதா எல்.இ.டி. வெளிச்சம் மட்டும் விழுந்த வரவேற்புப் படங்களுக்கு இந்த வழியும் உதவாது. அந்த ஒளியில் பச்சை அநேகமாக இல்லை. கேமராவில் பதியாத நிறத்தை எந்தக் குமிழும் கொண்டுவராது. அவற்றைக் கறுப்பு வெள்ளையாக்கி ஆல்பத்தில் தனிப் பக்கமாக வைத்துவிடுவதே நல்லது.